ஃபிளாக் ஒரு கிளாக் பின்தங்கித்தான் வரும்

எஃப்பிஜிஏ போர்டில் நான் கட்டிய சின்ன ப்ராசசரிடம் 3-ஐ 4-ஆல் பெருக்கச் சொன்னால் 15 என்றது. சிமுலேட்டரில் அதே மைக்ரோகோடு ஒழுங்காக 12 தந்திருந்ததால், இரண்டு நாள் நான் வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மைக்ரோகோடை வைத்திருக்கும் கண்ட்ரோல் ஸ்டோர் எஃப்பிஜிஏவின் பிளாக் ராமில் இருந்தது. கிளாக் விளிம்பு ஒவ்வொன்றிலும் ஒரு கண்ட்ரோல் வேர்டு வெளியே வரும். ஏஎல்யூ கூட்டுவதா கழிப்பதா, விடை எந்த ரெஜிஸ்டருக்கு, ஃபிளாக் மாறலாமா, அடுத்த வேர்டு எந்த முகவரியில், எல்லாமே அதிலுள்ள பிட்டுகள் சொல்வதுதான். பெருக்கல் லூப் இது, தொடக்கத்தில் R1-இல் 3, R2-வில் 4, ACC-யில் 0:

```
20: ACC <- ACC + R1
21: R2 <- R2 - 1, SETF, JNZ 20
```

படித்தால் தப்பே தெரியாது. R2-வில் ஒன்று குறை, SETF-ஆல் ஃபிளாக்கை மாற்று, பூஜ்யம் ஆகவில்லையென்றால் 20-க்குப் போ. ஆனால் 21 ஓடிக்கொண்டிருக்கும் அதே கிளாக்கில், அடுத்த வேர்டின் முகவரி ராமின் வாசலில் தயாராக நிற்க வேண்டும். கழித்தலின் விடை பூஜ்யமானால் 1, இல்லையென்றால் 0 என்று Z ஃபிளாக்கில் பதிவதோ அந்த கிளாக் முடியும் விளிம்பில்தான். அதனால் JNZ பார்ப்பது முந்தைய சுற்றின் Z. R2 பூஜ்யமாகும் சுற்றில், முன்பு விடை 1 ஆக இருந்தபோது பதிந்த Z-தான் அதன் கண்ணில் படும். 'இன்னும் பூஜ்யமில்லை' என்று திரும்பிப் போய் ஐந்தாவது முறையும் கூட்டிவிடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. லூப்புக்கு முன்னால் ஓடிய கட்டளை Z-ஐ 1 ஆக விட்டுப் போயிருந்தால், முதல் சுற்றிலேயே வெளியே வந்து விடை 3 ஆகிவிடும். ஒரே பெருக்கல் ஒருமுறை 15, ஒருமுறை 3 என்று வந்தால் வயரைத் தொடாதீர்கள், மைக்ரோகோடைப் பாருங்கள்.

ஏஎல்யூவின் விடையை ரெஜிஸ்டரில் பதியாமல் நேரே முகவரித் தேர்வுக்குக் கொண்டுபோகலாமே என்று தோன்றும். போகலாம். ஆனால் அப்போது ராம் வாசிப்பு, கேரி கடந்து வரும் நேரம், முகவரித் தேர்வு எல்லாம் ஒரே கிளாக்குக்குள் அடங்க வேண்டும், கிளாக் வேகம் குறைந்துவிடும். வரிசையை மாற்றுவதே மலிவு:

```
20: R2 <- R2 - 1, SETF
21: ACC <- ACC + R1, JNZ 20
```

21 ஓடும்போது 20-இன் Z பதிந்து முடிந்திருக்கும். கூடுதல் கிளாக்கும் இல்லை.

சிமுலேட்டர் ஏன் 12 சொன்னது? நான் எழுதியதுதான். கழித்து, Z-ஐ உடனே மாற்றி, அதன் பிறகு அடுத்த முகவரியைக் கணக்கிட்டேன். பழைய Z-ஐ வைத்து முகவரியை முதலில் எடு, அப்புறம் எல்லா ரெஜிஸ்டரையும் சேர்த்து மாற்று என்று திருத்தியதும், பழைய மைக்ரோகோடுக்கு அங்கேயும் 15 வந்தது.

R2 பூஜ்யமாகவே உள்ளே வந்தால் திருத்திய லூப்பும் தடுக்காது. எட்டு பிட் R2 என்றால் 256 சுற்று. ACC-யும் எட்டு பிட் என்பதால் விடை பூஜ்யம் என்று சரியாகவே வந்துவிடும், 512 கிளாக் தின்றுவிட்டு. ACC-யை 16 பிட்டாக்கிய அன்றுதான் அது வெளியே தெரிந்தது.