ஏ.சி. மாட்ட இலவசம் என்றார்கள், பில் மட்டும் எப்படி எட்டாயிரம்?

ஏ.சி. வாங்கும் கடையில் "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்று சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. அந்த இலவசம் மாட்டும் கூலிக்கு மட்டும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஸ்டாண்டு, கூடுதல் பைப், வயரிங், பழைய ஏ.சி.யைக் கழற்றுவது எல்லாம் வேறு கணக்கு. சென்னையில் இந்த வேலையைச் செய்பவன் என்ற முறையில், வேளச்சேரிப் பக்கம் இரண்டாம் மாடி வீடு ஒன்றில் போட்ட கணக்கை வைத்தே சொல்கிறேன். 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட். ஏற்கெனவே அதே அறையில் பழைய ஸ்பிளிட் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "ஃப்ரீன்னுதானே தம்பி சொன்னாங்க?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. விலைகள் ஊருக்கு ஊர், சீசனுக்கு சீசன் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

பில்லில் அதிகம் ஏறுவதும், அதிகம் சண்டை வருவதும் காப்பர் பைப்பில்தான். பெட்டியோடு வழக்கமாக 3 மீட்டர் பைப் வரும். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் காசு. ஆனால் "இங்கிருந்து அங்கே எட்டடிதானே" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அளவு ஆகாது. பைப் போகும் வழியைத்தான் அளக்க வேண்டும். அந்த வீட்டில் உள் யூனிட்டுக்குப் பின்னால் ஓட்டை வரை அரை மீட்டர், சுவரின் கனம் கால் மீட்டர், வெளியே பக்கவாட்டில் இரண்டரை மீட்டர், கீழே இரண்டு மீட்டர், வெளி யூனிட்டின் வால்வுக்கு வளைத்து விட அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 6 மீட்டர். பெட்டியில் வந்தது போக 3 மீட்டர் கூடுதல். மீட்டர் 900 ரூபாய் வீதம் 2,700.

இங்கே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டருக்கு இவ்வளவு என்பது மெல்லிய பைப், தடித்த பைப் இரண்டும் சேர்த்தா, மேலே போடும் இன்சுலேஷனும் அதில் அடங்குமா? தனித்தனியாக என்றால் 900 எளிதில் 1,500 ஆகிவிடும். அப்புறம், டேப் சுற்றுவதற்கு முன்பே உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். சுற்றி மாட்டிய பிறகு யாராலும் சரியாக அளக்க முடியாது.

அதற்காகக் காசை மிச்சப்படுத்த பைப்பை ஒன்றரை மீட்டராக வெட்டச் சொல்லாதீர்கள். குறைந்தது 3 மீட்டர் வேண்டும் என்று பல கம்பெனிகளின் மேனுவலிலேயே இருக்கும். அதற்குக் கீழே போனால் கம்ப்ரசர் சத்தமும் அதிர்வும் அறைக்குள் வரும். நீளம் கூடினாலும் செலவு உண்டு. கம்பெனியில் அடைத்து வரும் கேஸ் எத்தனை மீட்டர் வரை போதும், அதைத் தாண்டினால் மீட்டருக்கு எத்தனை கிராம் சேர்க்க வேண்டும் என்பதும் மேனுவலில் இருக்கும்.

"பழைய பைப்பையே போட்டுடலாமே" என்றும் அவர் கேட்டார். பழைய மெஷின் ஆர்-22 கேஸில் ஓடியது, புதியது ஆர்-32. இரண்டுக்கும் கம்ப்ரசர் ஆயில் வேறு. பழைய ஆயில் ஒட்டிய பைப்பைப் புது மெஷினில் பூட்டுவது 2,700 ரூபாயை மிச்சம் பிடித்து கம்ப்ரசரைப் பணயம் வைப்பது. சுவருக்குள் புதைத்த பைப், உடைக்கவே முடியாது என்கிற நிலைமையில் நைட்ரஜன் விட்டுக் கழுவி, சைஸ் பொருந்துகிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். வெளியே தெரியும் பைப்புக்கு அந்தப் பாடு தேவையில்லை.

பைப் பூட்டியதும் வேக்யூம் பம்ப் போடுகிறார்களா என்று பாருங்கள். கூலிக்குள் வரவேண்டிய வேலை இது, தனிக் காசு இல்லை. அவசரத்தில் சிலர் வால்வைக் கொஞ்சம் திறந்து 'உஸ்' என்று கேஸை விட்டுக் காற்றை வெளியேற்றிவிடுவார்கள். ஐந்து நொடி வேலை. பம்ப் போட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாது. நிறுத்திய பிறகும் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க இன்னும் கொஞ்ச நேரம். முள் மெல்ல ஏறினால் எங்கோ கசிவு, அல்லது உள்ளே ஈரம். அதை அன்றைக்கே பிடிக்காவிட்டால் அடுத்த கோடையில் கேஸ் நிரப்பும் செலவு உங்கள் தலையில்.

ஸ்டாண்டு 900 ரூபாய். பழைய ஸ்டாண்டு துருப்பிடித்து, போல்ட் அடியில் சுவர் வெடித்திருந்தது. முப்பது கிலோவை அதில் ஏற்ற மனம் வரவில்லை. ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் போல்ட் சரியாகப் பிடிக்காது, தரையில் வைக்கும் ஸ்டாண்டு பாருங்கள். பால்கனியில் நின்று கைக்கு எட்டும் இடமாகவும் இருக்கட்டும். கயிறு கட்டித் தொங்க வேண்டிய இடம் என்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கூடுதல் கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை.

அடுத்து ஸ்டெபிலைசர். அதை வாங்குவதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள். பெட்டியின் மேலோ மெஷினின் ஸ்டிக்கரிலோ எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை ஓடும் என்று இருக்கும். இவர் மெஷினில் 160 முதல் 264 வரை. மே மாத இரவில், எல்லார் வீட்டிலும் ஏ.சி. ஓடும் நேரத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே பழைய ஏ.சி. நிற்கும்போது பிளக் பாயிண்டில் 220, ஓடும்போது 206. ஒரே மெஷினுக்குப் பதினான்கு வோல்ட் விழுவது ஈ.பி. லைன் கோளாறு மாதிரித் தெரியவில்லை. போர்டைத் திறந்து பார்த்தால், பக்கத்து அறையிலிருந்து முறுக்கி இழுத்த 1.5 எம்.எம். வயர், நியூட்ரல் முனை கருகிப் பழுப்பேறியிருந்தது. மெயினில் அதற்கு 32 ஆம்ப் எம்.சி.பி. வேறு! வயர் எரிந்தாலும் அது விழாது. இதன்மேல் ஸ்டெபிலைசர் வைத்திருந்தால் வோல்டேஜ் சரியாகத் தெரியும், வயர் இன்னும் சூடாகும்.

மெயின் போர்டிலிருந்து தனியாக 10 மீட்டருக்கு 4 எம்.எம். வயர், எர்த்துக்கு 2.5 எம்.எம்., 20 ஆம்ப் சி டைப் எம்.சி.பி., புது 16 ஆம்ப் சாக்கெட், கேசிங், கூலி எல்லாம் சேர்த்து 3,500. புது மெஷின் ஓடும்போது 217 காட்டியது. ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேவைப்பட்டிருந்தால் 1.5 டன்னுக்கு 4 கே.வி.ஏ., இன்னும் 2,500 முதல் 3,500 ஆகியிருக்கும்.

ட்ரெயின் பைப் 300, உள்ளுக்கும் வெளிக்கும் போகும் வயரின் கூடுதல் நீளம் 360. பழையதைக் கழற்ற 700. ஆக ஸ்டாண்டு, பைப், வயரிங் எல்லாம் கூட்டி 8,460. கூலி மட்டும்தான் உண்மையிலேயே இலவசம்.

பழையதைப் பற்றி ஒன்று. வேறு அறையில் மாட்டும் எண்ணம் இருந்தால், அது ஓடும் நிலையில் இருக்கும்போதே கழற்றச் சொல்லுங்கள். மெஷினை ஓடவிட்டு மெல்லிய பைப்பின் வால்வை மூடினால் கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் போய்ச் சேரும். பிறகு தடித்த பைப்பின் வால்வை மூடி, கரண்டை நிறுத்திக் கழற்றலாம். ஓடாத மெஷினில் இதைச் செய்ய முடியாது. பழைய இரும்புக்குப் போடுவதாக இருந்தால், கழற்றும் கூலி பேசும்போதே பழைய காப்பர் பைப் யாருக்கு என்றும் பேசிவிடுங்கள். "கழற்ற காசு வேண்டாம், பைப்பை எடுத்துக்கிறோம்" என்று யாராவது தாராளமாகச் சொன்னால், அந்தப் பைப்பை ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள்.