பேச்சில் வாங்கி, செய்தியில் விற்பது

‘பை த ரூமர், செல் த நியூஸ்’. கொழும்பில் ஷெயார் போடுகிறவர்கள் இதைத் தமிழ்ப் பேச்சுக்கு நடுவே அப்படியே சொல்லிவிட்டுப் போவார்கள். இது வோல் ஸ்ட்ரீட்டில் பிறந்த சந்தைப் பழமொழி. ‘நியூஸ்’ என்ற இடத்தில் ‘ஃபக்ட்’ என்று சொல்லும் வடிவமும் உண்டு. நல்ல செய்தி வரப்போகிறது என்ற பேச்சு இருக்கும்போது வாங்கு, அது வந்தவுடன் விற்றுவிடு என்பது பொருள்.

தமிழில் சிலர் இதை ‘வதந்தியில் வாங்கு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வதந்தி என்றால் பொய்யாக இருக்கக்கூடியது, ஊர்வாய். இந்தப் பழமொழியின் ‘ரூமர்’ பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த, நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றிய எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் பிட்கொயின் நிதியங்கள் அனுமதி பெற்ற கதையில் இரண்டுமே வருகின்றன.

2023 ஜூனில் பிளக்ரொக் நிறுவனம் பிட்கொயினை நேரடியாக வைத்திருக்கும் நிதியம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது பிட்கொயின் ஏறத்தாழ 25,000 டொலர். அந்த ஒக்டோபர் 16ஆம் திகதி, அனுமதி கிடைத்துவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தி பரவியது. சில நிமிடங்களில் விலை 28,000 டொலரை ஒட்டிய இடத்திலிருந்து 30,000 வரை பாய்ந்து, மறுப்பு வந்ததும் இறங்கியது. அது அசல் வதந்தி. 2024 ஜனவரி 9ஆம் திகதி அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழுவின் எக்ஸ் கணக்கை யாரோ கைப்பற்றி அதே பொய்யைப் போட்டார்கள். இந்தமுறை 47,000 டொலரைத் தொட்டு நின்ற விலை 48,000 வரைதான் ஏறியது. ஒரே பொய்தான், ஆனால் முதல் தடவை ஏழு வீதம் அளவுக்குத் தூக்கியது, மூன்று மாதம் கழித்து இரண்டு மூன்று வீதம் மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் எதிர்பார்ப்பு விலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கணக்காகப் பார்த்தால் இப்படி. அனுமதி கிடைத்தால் ஒரு பங்கு 50 ரூபா, மறுத்தால் 30 ரூபா பெறும் என்று வையுங்கள். கிடைக்க 90 வீத வாய்ப்பு என்று சந்தை நம்பினால் இன்றைய விலை 48. நல்ல செய்தி வந்தால் மிச்சம் இருப்பது இரண்டு ரூபா, மறுத்தால் போவது பதினெட்டு.

ஜனவரி 10ஆம் திகதி அமெரிக்காவில் மெய்யான அனுமதி வந்தபோது கொழும்பில் மறுநாள் விடியற்காலை இரண்டரை மணியளவு. அன்றிரவு எட்டு மணிக்கு, அதாவது நியூயோர்க் சந்தை திறந்ததும், நிதியங்கள் வியாபாரத்துக்கு வந்தன. விலை 49,000 டொலரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, 23ஆம் திகதியளவில் 39,000க்குக் கீழே போயிற்று.

மிச்சம் குறைவு என்பதால் ஏறாமல் இருக்கலாம், விழுவானேன்? இங்கேதான் கிரேஸ்கேல் நிறுவனம் நடத்திய ஜிபிடிசி என்ற பிட்கொயின் அறக்கட்டளை வருகிறது. அப்போது இதன் பங்கைக் கொடுத்துப் பிட்கொயினைத் திரும்பப் பெற முடியாமல் இருந்தது, அதனால் 2023 தொடக்கத்தில் நூறு டொலர் பிட்கொயின் அடங்கிய பங்கு ஏறத்தாழ 55 டொலருக்குக் கிடைத்தது. அனுமதி வந்தால் இது சாதாரண நிதியமாகி அந்தக் கழிவு மறையும் என்று கணக்குப் போட்டவர்கள் வாங்கினார்கள். கழிவு மறைந்தது. அவர்களுக்கு இனி அங்கே வேலை இல்லை, விற்றுவிட்டுப் போனார்கள். கட்டணமும் ஒன்றரை வீதம், மற்றவர்களுடையதைவிட பல மடங்கு. அதற்காக ஜிபிடிசியை விற்று வேறு நிதியம் வாங்கியவர்களால் விலை பெரிதாக அசையாது. ஒரு பக்கம் விற்ற பிட்கொயினை மறுபக்கம் வாங்குகிறார்கள், அவ்வளவுதான். காசோடு வெளியேறியவர்கள்தான் விலையை இறக்கினார்கள். செய்திக்காகவே வாங்கியவர் எவ்வளவு பேர், அவர்களிடம் வாங்கப் புதிதாக யார் வருகிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இந்தப் பழமொழிக்கு ஆயுள் குறைவு. விற்பனை ஓய்ந்து புதுப்பணம் நுழைந்ததும், மார்ச்சில் விலை 73,000 டொலரைத் தாண்டியது. யாரும் எதிர்பாராத செய்திக்கு இது பொருந்தவும் பொருந்தாது. 2024 மே மாதம் ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் நிதியங்களுக்கு அனுமதி கிடைக்கலாம் என்ற திடீர்த் திருப்பத்தில், அதுவரை மறுப்பையே நினைத்திருந்த சந்தை ஒரே நாளில் ஈதரின் விலையை ஏறத்தாழ இருபது வீதம் தூக்கியது. அந்த நிதியங்கள் ஜூலையில் வியாபாரத்துக்கு வந்த நாட்களில் விலை இறங்கியது. அப்போது திகதி எல்லோருக்கும் தெரியும்.

தமிழில் ‘பேச்சு அடிபடும்போது வாங்கு, செய்தி வந்ததும் விற்றுவிடு’ என்று சொல்லலாம். பேச்சு அடிபடுதல் என்றால் அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எழுத்தில் சுருக்கம் வேண்டுமென்றால் ‘எதிர்பார்ப்பில் வாங்கி அறிவிப்பில் விற்றல்’. வதந்தியை அந்த ஒக்டோபர் 16க்கு வைத்துக்கொள்ளலாம்.