செம்பு எப்போதும் கதோட்டு அல்ல

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கல்வானிக் கலம் வரையச் சொன்னால் அநேகமானோர் நாகம்–செம்புக் கலத்தை அழகாக வரைந்துவிடுவார்கள். நாகத்துக்குப் பதிலாக வெள்ளியைக் கொடுத்துப் பாருங்கள், இலத்திரன் அம்புக்குறியைத் தலைகீழாக வரைந்துவிடுவார்கள். “செம்பு கதோட்டுத்தானே சேர்?” என்று கேட்பார்கள். படத்தை மனப்பாடம் செய்ததன் விளைவு இது.

வரையத் தொடங்குமுன் நியம மின்வாய் அழுத்தங்களைப் பாருங்கள். செம்புக்கு +0.34 V, வெள்ளிக்கு +0.80 V. பெறுமானம் கூடிய வெள்ளியில் தாழ்த்தல் நடக்கும், ஆகவே அது கதோட்டு. இங்கே செம்புதான் அனோட்டு. அது Cu²⁺ ஆகக் கரைந்து இலத்திரன்களைக் கோலிலேயே விட்டுவிட்டுப் போகிறது. அந்த இலத்திரன்கள் வெளிக் கம்பி வழியே வெள்ளிக் கோலுக்குப் போகின்றன. அங்கே Ag⁺ அயன்கள் அவற்றை ஏற்று வெள்ளியாகப் படிகின்றன. நியம நிலையில் இந்தக் கலம் 0.46 V தரும்.

இலத்திரன் அம்புக்குறி கம்பியின் மேல் மட்டுமே இருக்க வேண்டும். சுற்று முழுமையாக வேண்டும் என்று நினைத்துச் சிலர் அதை உப்புப்பாலத்துக்குள்ளும் வளைத்து வரைகிறார்கள். கரைசலில் சுயாதீன இலத்திரன்கள் இல்லை, அங்கே அசைபவை அயன்கள். செம்புப் பக்கத்தில் Cu²⁺ கூடுவதால் பாலத்திலிருந்து அன்னயன் அங்கே இறங்கும். வெள்ளிப் பக்கத்தில் Ag⁺ குறைவதால் கற்றயன் அங்கே போகும். பாலத்தை வெளியே எடுத்தால் சுற்று அறுந்து, மின்னோட்டம் நின்றுவிடும்.

சரி, பாலத்துக்குள் எந்த உப்பு? நாகம்–செம்புக் கலத்துக்குப் பழகிய கையால் பிள்ளைகள் KCl என்று எழுதுவார்கள். அந்தக் கலத்தில் அது பிழையில்லை. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலுக்குள் KCl பாலத்தை வைத்தால், குளோரைட்டு அயன் Ag⁺ உடன் சேர்ந்து வெள்ளி குளோரைட்டாக வீழ்படியும். பாலத்தின் வாயைச் சுற்றி வெண்மையாகக் கலங்குவது கண்ணுக்கே தெரியும். Ag⁺ செறிவு குறைவதால் வோல்ற்றுமானியின் வாசிப்பும் இறங்கும். வீழ்படிவு பாலத்தின் வாயையும் அடைக்கலாம். அதனால்தான் இங்கே KNO₃ எடுக்கிறோம். நைத்திரேற்று இரு பக்கமும் வீழ்படிவைத் தராது. விடையில் “உப்புப்பாலம்” என்று மட்டும் எழுதாமல் உப்பின் பெயரையும் எழுதுங்கள்.

வரையும்போது செம்பை இடப்பக்கம் வையுங்கள். கலக் குறியீட்டிலும் அனோட்டுத்தான் இடப்பக்கம் வரும்:

```
Cu(s) | Cu²⁺(aq) || Ag⁺(aq) | Ag(s)
```

பாலத்தின் இரு முனைகளும் கரைசல் மட்டத்துக்குக் கீழே போகட்டும். ஒரு முனை மேலே தொங்கினாலே அது திறந்த சுற்று. கோல்கள் கரைசலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், கம்பி வெளியே கோலின் தலையில்தான் தொட வேண்டும். வோல்ற்றுமானியின் நேர் முனையை வெள்ளியோடு இணையுங்கள். கம்பியின் மேல் அம்புக்குறியைச் செம்பிலிருந்து வெள்ளிக்குப் போட்டு, பக்கத்தில் e⁻ என்று எழுதுங்கள். வினாவில் மின்னோட்டத் திசை கேட்டிருந்தால் அது எதிர்ப்பக்கம், வெள்ளியிலிருந்து செம்புக்கு.