பாதியில் அறுந்த ஜிப் கோப்பில் என்ன மிச்சம் இருக்கும்?

பாதி இறங்கிய ஜிப் கோப்பைத் திறந்தால் "கோப்பு பழுதாகியுள்ளது" என்று ஒரே வரியில் பதில் வரும். பலரும் அதை நம்பி அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம், பெரும்பாலான நேரம் உள்ளே இருப்பவை நல்லபடியாகவே இருக்கும்.

ஜிப் கோப்பில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் அந்தப் பட்டியலும், பட்டியல் எங்கே என்று காட்டும் 22 பைட் முடிவுக் குறிப்பும் வால் பகுதியில் எழுதப்படுகின்றன. சாதாரண மென்பொருள் முதலில் வாலைத்தான் தேடும். அது கிடைக்காவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கைவிரித்துவிடும்.

ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் அதற்கென்று தனியாக ஒரு தலைப்பும் உண்டு. லாரி டிரைவரிடம் இருக்கும் சரக்குப் பட்டியல் தொலைந்தாலும், ஒவ்வொரு மூட்டையிலும் சீட்டு ஒட்டியிருந்தால் சரக்கைப் பிரித்துவிடலாம் இல்லையா, அப்படித்தான். அந்தத் தலைப்பு இப்படித் தொடங்கும்:

```
50 4B 03 04 14 00 00 00 08 00
```

முதல் இரண்டு பைட்டும் `PK` என்ற எழுத்துகள். 1989-இல் ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. கடைசியில் வரும் `08 00` என்பது டிஃப்ளேட் முறையில் சுருக்கியிருப்பதைச் சொல்கிறது, `00 00` என்றால் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கிறது. 30 பைட் முடிந்ததும் கோப்பின் பெயர் வரும், அப்புறம் தரவு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குடியாத்தத்தில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு, ரத்தினகிரி கோயிலில் நடந்த கல்யாணத்தின் படங்கள் 2 ஜிபி ஜிப்பாக வந்தன. 1.3 ஜிபி இறங்கியதும் இணைப்பு அறுந்துவிட்டது. இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது, விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்று பார்ப்பது. லிங்க் உயிரோடு இருந்தால், `wget -c` மிச்சத்தை மட்டும் இறக்கித் தரும். இங்கே லிங்க் காலாவதியாகியிருந்தது, போட்டோகிராஃபரிடமும் மூலப் படங்கள் இல்லை. அதனால் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, லினக்ஸில் இதை ஓட்டினோம்:

```
zip -FF kalyanam.zip --out meetpu.zip
unzip -t meetpu.zip
```

முதல் கட்டளை வாலை நம்பாமல், கோப்பை முதலிலிருந்து `50 4B 03 04` தேடிக்கொண்டே படிக்கும். முழுசாகக் கிடைத்த ஒவ்வொரு படத்தையும் புது ஜிப்பில் சேர்த்து, கடைசியில் ஒரு புதுப் பட்டியலும் எழுதிவிடும். முகூர்த்தம் வரைக்குமான படங்கள் எல்லாம் வந்துவிட்டன. பந்திப் படங்கள் அறுந்த இடத்துக்கு அப்பால் இருந்தன, அவை இறங்கவே இல்லை. இறங்காததை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது.

இரண்டாவது கட்டளையை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்போடும் சிஆர்சி-32 என்ற 4 பைட் சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருக்கிறது. விரித்த தரவிலிருந்து அதே எண் மறுபடி வந்தால்தான் படம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். மீட்கும் கட்டளை இதைப் பார்க்காமல் அப்படியே நகலெடுக்கும். பல துண்டுகளாக இறக்கும் டவுன்லோட் மேனேஜர் பாதியில் நின்றால், அளவு முழுசாகத் தெரியும், ஆனால் நடுவில் வெறும் பூஜ்ஜியங்கள் கிடக்கும். அந்த ஓட்டையில் மாட்டிய படங்களை இந்தச் சோதனை `bad CRC` என்று காட்டிக்கொடுக்கும். சில சமயம் அதற்கு முன்பே, தரவை விரிக்கும்போதே பிழை வந்துவிடும். ஓட்டைக்கு அப்பால் இருப்பவை பிழைத்திருக்கும்.

சரியாக அறுந்த இடத்தில் இருந்த அந்த ஒரு படம் என்ன ஆகும்? டிஃப்ளேட் தரவை முதலிலிருந்து வரிசையாக விரிக்கலாம், வெட்டுப்பட்ட இடம் வரைக்கும் கிடைக்கும். விண்டோஸில் 7-Zip வைத்துப் பழைய ஜிப்பையே பிரித்தால் பிழை காட்டினாலும், அந்தப் பாதிக் கோப்பையும் எழுதிவைக்கும். கேமரா படங்கள் பொதுவாக மேலிருந்து கீழாகச் சேமிக்கப்படுவதால், நெற்றிச்சுட்டியும் மாலையும் தெளிவாகத் தெரிய, அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறமாக வந்தது. அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டார்கள்.

எல்லா வகைக்கும் இந்த வழி ஒத்துவராது. `tar.gz` முழுவதும் ஒரே நீளமான சுருக்கம். வால் அறுந்தால் அதுவரை உள்ளவை கிடைக்கும், நடுவில் கெட்டாலோ அதற்குப் பின்னால் உள்ளதை எடுப்பது மிகக் கடினம். `7z` கோப்பு இன்னும் மோசம். பெயர்களும் அளவுகளும் கடைசியில் மட்டுமே இருக்கின்றன, கோப்புக்குக் கோப்பு தலைப்பு கிடையாது. கல்யாணப் படங்களை அனுப்பச் சொல்லும்போது ஜிப்பாகவே கேளுங்கள். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான், `7z`-ஆக மாற்றினாலும் அளவு பெரிதாகக் குறையப்போவதில்லை.