வெற்றிடத்தில் ஒளிந்த உருவம்: லோகோ யோசனையை விவரிப்பதும் அது தெளிவாகத் தெரிகிறதா எனச் சோதிப்பதும்

“நாயும் பூனையும் இருக்க வேண்டும், ஆனால் பூனை நெகட்டிவ் ஸ்பேஸில் ஒளிந்திருக்க வேண்டும்” என்று ஒரு கால்நடை மருத்துவமனையின் லோகோவுக்காகக் கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெகட்டிவ் ஸ்பேஸ் என்பது வரைந்த உருவத்தின் நடுவிலும் சுற்றிலும் வரையாமல் விடப்படும் வெற்றிடம். கேட்பவருக்கு இது முழுமையான விளக்கமாகத் தோன்றும். வரைபவருக்கோ இதில் பாதிகூட இல்லை. பூனை நாயின் எந்த இடைவெளியில் அமர்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது, முதலில் கண்ணில் பட வேண்டியது எது என்ற மூன்றும் சொல்லப்படாததால், இதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு பத்துப் பேர் பத்து வெவ்வேறு படங்களை வரைய முடியும்.

இத்தகைய யோசனையை விவரிக்கும்போது உருவங்களின் பெயர்களைவிட முக்கியமானது, அவை பகிர்ந்துகொள்ளும் விளிம்பு. நெகட்டிவ் ஸ்பேஸ் லோகோவில் ஒரே கோடு இரண்டு வேலை செய்கிறது. கறுப்பு உருவத்தின் எல்லையாகவும் இருக்கிறது, வெள்ளை உருவத்தின் எல்லையாகவும் இருக்கிறது. ஆனால் நம் கண் ஒரு நேரத்தில் அந்தக் கோட்டை ஒரு பக்கத்துக்கு மட்டுமே சொந்தமாக்குகிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் எட்கர் ரூபின், பூச்சாடியாகவும் எதிரெதிரே நோக்கும் இரு முகங்களாகவும் மாறி மாறித் தெரியும் தம் படத்தின் மூலம் 1915-இல் விளக்கினார். ஆகவே விவரணையில் எந்த விளிம்பு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதை முதலில் எந்த உருவம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவை இடம்பெற வேண்டும்.

நம் எடுத்துக்காட்டைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: “வலப்பக்கம் நோக்கி நிற்கும் நாயின் பக்கவாட்டு நிழலுருவம், ஒரே நிறம், முன்னே ஒரு கால், பின்னே ஒரு கால். இரு கால்களுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள வெற்றிடம், நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் பூனை. வயிற்றின் அடிக்கோடு பூனையின் தலையும் காதுகளும். கால்களின் உட்புற விளிம்புகள் அதன் கழுத்தும் உடலும். நாய் முதலில் தெரிய வேண்டும். பூனை அடுத்த பார்வையில் தெரிந்தால் போதும்.” இவ்வளவு எழுதியவுடனேயே இந்த யோசனை நிற்குமா என்பது ஓரளவு புலப்பட்டுவிடுகிறது. நாயின் கால் தொடைப்பகுதியில் பருத்து, கீழே போகப் போக மெலிகிறது. அமர்ந்திருக்கும் பூனையோ மேலே ஒடுங்கிக் கீழே அகல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. வரைவதற்கு முன்பே வார்த்தையில் பொருந்தாத ஜோடி, தாளில் பொருந்துவது அரிது என்பது என் கணிப்பு.

அதே விவரணை சிக்கல்களையும் காட்டிக்கொடுக்கிறது. பின்காலின் பாதம் வலப்பக்கமாக நீளும்போது வெற்றிடத்துக்குள் நுழைந்து பூனையின் இடுப்பை வெட்டுகிறது. அதைக் குறுக்க வேண்டும். வெற்றிடத்தின் மேற்புறமும் இரு பக்கங்களும் அடைபட்டிருக்க, அடிப்பக்கம் திறந்திருக்கிறது. சூழப்பட்ட பகுதியையே உருவமாகக் கொள்ளும் இயல்பு கண்ணுக்கு இருப்பதால், அடி திறந்திருக்கும்வரை பூனை வெறும் இடைவெளியாகவே நின்றுவிடும் அபாயம் உண்டு. பாதங்களை இணைக்கும் மெல்லிய தரைக்கோடு ஒன்று இதைத் தீர்க்கலாம், அல்லது லோகோவின் கீழே வரும் பெயரின் மேல்விளிம்பே தரையாக அமையலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது காதுகள். பூனையைப் பூனையாக்குபவை அவையே. ஆனால் அவை நாயின் வயிற்றில் இரு கூரிய வெட்டுகளாக விழுகின்றன. வெட்டு சிறிதானால் நாய் இயல்பாக இருக்கும், பூனை மறைந்துவிடும். பெரிதானால் பூனை தெரியும், நாயின் வயிறு கிழிந்ததுபோல் இருக்கும். என்னைப் பொறுத்தவரை தடுமாற்றம் வந்தால் நாயின் பக்கமே சாய வேண்டும். 1994-இல் லிண்டன் லீடர் வடிவமைத்த ஃபெட்எக்ஸ் லோகோவின் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள அம்புக்குறியைப் பல ஆண்டுகள் கவனிக்காதவர்கள் ஏராளம். அதனால் அந்தப் பெயரை வாசிப்பதில் அவர்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. ஒளிந்த உருவம் தெரியாவிட்டாலும் லோகோ முழுமையாக நிற்க வேண்டும்.

தெளிவைச் சோதிப்பதில் ஒரு பெரிய தடை உண்டு: ஒருமுறை பூனையைக் கண்டுவிட்ட கண்ணால் அதைக் காணாமல் இருக்க முடியாது. ஆகவே வரைந்தவரும், யோசனையைக் கேட்ட வாடிக்கையாளரும் இதற்கு நடுவர்களாக முடியாது. எதுவும் அறியாத ஒருவரிடம் லோகோவைச் சில நொடிகள் காட்டி, மறைத்துவிட்டு, “என்ன பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்க வேண்டும். “பூனை தெரிகிறதா?” என்று கேட்டால் இல்லாத பூனையும் தெரிந்துவிடும். நாயை மட்டும் சொன்னால் மீண்டும் நிதானமாகப் பார்க்கச் சொல்லலாம். அப்போது தானாகக் கண்டுகொண்டால் யோசனை வேலை செய்கிறது. ஒருவரை ஒரு யோசனைக்கு ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், திருத்திய வடிவத்துக்குப் புதியவர்கள் தேவை. இந்தப் பதில்களில் நான் அதிகம் கவனிப்பது தவறான வாசிப்புகளை. “கிரீடம்”, “பல்” போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தால், காதுகளுக்கு இடையிலான தூரமோ தலையின் அகலமோ பிழையாக இருக்கிறது என்று பொருள்.

தனியாக இருக்கும்போது செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. வெற்றிடத்தை மட்டும் கறுப்பால் நிரப்பி, நாயை முழுவதும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது தனியாகவே பூனையாகத் தெரியவில்லையென்றால், நாயின் கால்களுக்கு நடுவே அது தெரியப் போவதில்லை.

பிறகு அளவு. லோகோவின் அகலம் 160 அலகுகள், காதின் உயரம் 12 அலகுகள் என்று கொள்வோம். அதுவே உலாவித் தாவலில் 16 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது ஒரு பிக்சலுக்கு 10 அலகுகள். அதாவது காதுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே பிக்சல், அதுவும் சாம்பல் நிறமாக மங்கியது. காதை 24 அலகுகளாக்கினால் இரண்டு பிக்சல் கிடைக்கும், ஆனால் நாயின் வயிறு அதைத் தாங்காது. இங்கே போராடுவதில் பயனில்லை. மிகச் சிறிய அளவுக்குப் பூனையைக் கைவிட்டு, நாயின் தலையை மட்டும் கொண்ட தனி வடிவம் தருவதே நேர்மையானது. தாளில் மை பரவும்போதும் துணியில் நூல் தடிக்கும்போதும் இதே காதுகள்தான் முதலில் அடைபடும்.

நிறத்தைத் தலைகீழாக்கியும் பார்க்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் உள்ள வெள்ளை வடிவம், அதே அளவுள்ள கறுப்பு வடிவத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தோன்றும். எனவே வெள்ளை நாய் பருத்து, கறுப்பாகிவிட்ட பூனை ஒடுங்கியதுபோல் இருக்கும். அந்த வடிவத்தில் மட்டும் வெற்றிடத்தைச் சிறிது அகலப்படுத்துவது வழக்கம்.

இறுதியாக, கோப்பைப் பெறுபவர் அதை ஏதாவது ஒரு வண்ணப் பரப்பின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பூனை அந்த வண்ணத்தை ஏற்றால் அது உண்மையாகவே வெட்டி எடுக்கப்பட்ட வெற்றிடம். வெள்ளையாகவே நின்றால், நாயின்மேல் ஒட்டப்பட்ட வெள்ளை உருவம். அதை வெக்டர் கோப்பிலேயே திருத்தித் தரும்படி கேட்க வேண்டும். முறையாக வெட்டியிருந்தாலும் கட்டங்களும் புகைப்படங்களும் உள்ள பின்னணியில் பூனை கலைந்துவிடும் என்பதால், சீரான நிறப் பரப்பில் மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்று பயன்பாட்டு விதிகளில் எழுதிவிடுவது நல்லது.