ரெசிஸ்டர் ஏணி: 1011 எப்படி 3.44 வோல்ட் ஆகிறது?

இரும எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் நான்கு பிட் ரெசிஸ்டர் ஏணி ஒன்றை முதன்முதலாகப் பிரெட்போர்டில் கட்டி, அதற்கு 1011 என்று உள்ளீடு கொடுத்தேன். மல்டிமீட்டர் 3.71 வோல்ட் காட்டியது. வர வேண்டியது 3.44. எல்லா ரெசிஸ்டரையும் கழற்றித் தனித்தனியாக அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தன. சப்ளையும் 5 வோல்ட்தான். பிழை எங்கே என்று கண்டுபிடிக்க, ஏணிக்குள் மின்னழுத்தம் எப்படி உருவாகிறது என்பதைப் படிப்படியாகப் பின்தொடர வேண்டியிருந்தது. அந்தக் கணக்கு இவ்வளவு எளிமையானது என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

முதலில் சுற்றின் அமைப்பு. இதில் இரண்டே மதிப்புகளில் ரெசிஸ்டர்கள் உண்டு: R, அதன் இருமடங்கான 2R. நான் எடுத்துக்கொண்டது 10 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும். நான்கு சந்திகளை ஒரே வரிசையில் வைத்து, பக்கத்துப் பக்கத்துச் சந்திகளை R கொண்டு இணைக்க வேண்டும். ஒவ்வொரு சந்தியிலிருந்தும் ஒரு 2R கிளம்பி அதற்குரிய பிட்டுக்குப் போகும். பிட் 1 என்றால் அந்த முனை 5 வோல்ட்டில் இருக்கும், 0 என்றால் கிரவுண்டில். வரிசையின் ஒரு கோடியில் மதிப்புக் குறைந்த கடைசி பிட், மறு கோடியில் மதிப்பு மிகுந்த முதல் பிட். முதல் பிட் சேரும் சந்திதான் வெளியீடு. இவை போக, கடைசி பிட்டின் சந்தியிலிருந்து இன்னொரு 2R நேராகக் கிரவுண்டுக்குப் போகும். அது எந்தப் பிட்டுக்கும் சொந்தமில்லை.

கணக்குக்குத் தேவையான ஒரே உண்மை இதுதான்: இரண்டு மின்னழுத்தங்களைச் சமமான இரண்டு ரெசிஸ்டர்களால் இணைத்தால், நடுவில் வருவது அவற்றின் சராசரி. ஒரு பக்கம் 5, மறு பக்கம் 0 என்றால் நடுவில் 2.5.

இப்போது கடைசி பிட்டின் சந்தியைப் பாருங்கள். ஒரு 2R கிரவுண்டுக்குப் போகிறது, இன்னொரு 2R பிட்டுக்குப் போகிறது. இரண்டும் சமம் என்பதால் அங்கே சராசரிதான் வரும். அடுத்த சந்தியில் நின்று இந்தக் கோடியைத் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் தெவெனின் 1883-இல் வெளியிட்ட தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. கடைசி பிட்டின் சந்தியையும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும், ஒரு மின்னழுத்தம், அதனுடன் தொடராக ஒரு ரெசிஸ்டர் என்று சுருக்கிக்கொள்ளலாம். மின்னழுத்தம் நாம் கண்ட சராசரி. ரெசிஸ்டர், இரண்டு 2R பக்க இணைப்பில் இருப்பதால் R. அடுத்த சந்திக்குப் போகும் வழியில் இன்னொரு R குறுக்கிடுகிறது, ஆக மொத்தம் 2R. அந்தச் சந்தியின் பிட் வருவதும் 2R வழியாகத்தான். மறுபடியும் இரண்டு பக்கமும் சமம், மறுபடியும் சராசரி. எத்தனை படி ஏறினாலும் இதேதான் நடக்கும். R, 2R என்று இரண்டே மதிப்புகளை வைத்ததன் முழுப் பயனும் இங்கே இருக்கிறது.

ஆகவே எந்த இருமத்துக்கும் வழி இப்படி: 0 வோல்ட்டில் தொடங்குங்கள், கடைசி பிட்டிலிருந்து ஒவ்வொரு பிட்டாக எடுத்து, கையில் இருக்கும் மதிப்போடு அந்தப் பிட்டின் மின்னழுத்தத்தைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 1011-ஐ வலமிருந்து படித்தால் 1, 1, 0, 1.

```
(0     + 5) / 2 = 2.5
(2.5   + 5) / 2 = 3.75
(3.75  + 0) / 2 = 1.875
(1.875 + 5) / 2 = 3.4375
```

இதுவே விடை. கணக்கில் முதலில் சேர்ந்த கடைசி பிட் நான்கு முறை பாதியாகிறது, இறுதியில் சேர்ந்த முதல் பிட் ஒரே ஒரு முறை. எனவே முதல் பிட்டிலிருந்து எடைகள் 1/2, 1/4, 1/8, 1/16 என்று தானாகவே அமைந்துவிடுகின்றன. குறுக்குவழி வேண்டுமென்றால், 1011 என்பது பதின்மத்தில் 11, அதனால் 5 × 11/16 = 3.4375. ஆனால் குறுக்குவழி, சுற்று சரியாக இருக்கும்போது மட்டும்தான் உதவும். கோளாறு வந்தால் படிப்படியாக ஏறித்தான் தேட வேண்டும்.

சரி, என் 3.71-க்கு வருவோம். கடைசிச் சந்தியிலிருந்து கிரவுண்டுக்குப் போக வேண்டிய அந்தத் தனி 2R-ஐ நான் செருகவே இல்லை. எந்தப் பிட்டுக்கும் சேராததால் கண்ணில் படாமல் போய்விட்டது. அது இல்லாவிட்டால் முதல் படியில் சராசரி எடுக்க எதிர்ப்பக்கம் எதுவுமே இல்லை. கடைசி பிட்டின் 5 வோல்ட் பாதியாகாமல் அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் உள்ள ரெசிஸ்டரும் R ஆகாமல் 2R-ஆகவே இருக்கும், வழியில் உள்ள R சேர்ந்து 3R ஆகிவிடும். அடுத்த சந்தியில் 3R ஒரு பக்கம், 2R ஒரு பக்கம். சமநிலை அங்கேயே குலைகிறது. கடைசிவரை கணக்குப் போட்டால் எடைகள் 43/85, 22/85, 12/85, 8/85 என்று வருகின்றன. 1011-க்கு 43, 12, 8 மூன்றையும் கூட்டினால் 63, அப்போது 5 × 63/85 = 3.706. மீட்டர் காட்டியது அதைத்தான்.

இந்தப் பிழையைப் பிடிக்க இன்னும் எளிய வழி உண்டு: 1111 கொடுத்துப் பாருங்கள். சரியான ஏணி 5 வோல்ட்டை எட்டவே எட்டாது, 15/16 பங்கான 4.69-இல் நின்றுவிடும். அந்த 2R விடுபட்டிருந்தால் கிரவுண்டுக்குப் போகும் வழியே இல்லாததால் முழு 5 வோல்ட் வரும்.

அதையும் செருகி, 3.44 வந்த மகிழ்ச்சியில் வெளியீட்டை 10 கிலோ ஓம் உள்ள அடுத்த சுற்றுக்குக் கொடுத்தேன். சட்டென்று 1.72-க்கு இறங்கிவிட்டது. இது ஏணியின் தவறு இல்லை. எந்த இருமம் கொடுத்தாலும் வெளியீட்டுக்குப் பின்னால் R, அதாவது 10 கிலோ ஓம், இருந்துகொண்டே இருக்கும். சம அளவு சுமையைக் கட்டினால் பாதி போய்விடும். மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் என்பதால் அது கிட்டத்தட்ட சரியாகவே காட்டும், நமக்கும் சந்தேகம் வராது. இடையில் ஒரு ஆப்-ஆம்பை பஃபராக வைத்தால் தீர்ந்தது.

பிட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேறொரு சிக்கல் தலைகாட்டும். எட்டு பிட் ஏணியில் ஒரு படி வெறும் 19.5 மில்லிவோல்ட். முதல் பிட்டின் 2R மட்டும் 5 சதவீதம் கூடுதலாக இருந்து, மற்றவை துல்லியமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 01111111-க்கு 2.541 வோல்ட் வரும். அதற்கு அடுத்த எண்ணான 10000000-க்கு 2.439. எண் கூடுகிறது, மின்னழுத்தம் ஐந்து படி குறைகிறது! சீராக ஏறும் எண்களைக் கொடுத்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் படிக்கட்டின் நட்ட நடுவில் ஒரு பள்ளம் தெரியும். அதே ரெசிஸ்டர் 1 சதவீதம் கூடினாலும் அந்த இடத்தில் சுமார் 5 மில்லிவோல்ட் சரிவு இருக்கும். கடைசி பிட்டின் ரெசிஸ்டரில் இதே பிழை இருந்தால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது எட்டு முறை பாதியாகித்தான் வெளியே வருகிறது. அதனால் நான் இப்போது ஒரே பட்டையிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மட்டுமே எடுத்து, இரண்டைத் தொடராகச் சேர்த்து 2R ஆக்கிக்கொள்கிறேன். மீட்டரில் அளந்து, மிக நெருக்கமாகப் பொருந்துகிறவற்றை முதல் பிட்டுக்கு ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் மற்றதைக் கட்டத் தொடங்குகிறேன்.