ஸ்பெயின் வதிவிட அனுமதி: ஊரில் இருக்கும்போது புதுப்பிப்பு மனுவைத் தூதரகத்தின் வழியாக அனுப்புவது எப்படி?

ஸ்பெயினில் வேலை அனுமதியுடன் வசிக்கும் ஒருவர் விடுப்பில் சொந்த ஊருக்கு வந்திருக்கும்போது வதிவிட அட்டையின் காலம் முடியப் போகிறது என்றால், பெரும்பாலானோர் முதலில் செய்வது, "என் அனுமதியைப் புதுப்பித்துத் தாருங்கள்" என்று ஸ்பெயினின் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவதுதான். அந்தக் கடிதத்தில் தவறு அதன் முதல் வரியிலேயே இருக்கிறது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் அதிகாரம் தூதரகத்துக்கு இல்லை; அது மனுதாரர் வசிக்கும் மாகாணத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு, அதாவது 'ஒஃபிசினா டெ எக்ஸ்த்ரான்ஹெரியா'வுக்கு உரியது. எனினும் ஸ்பெயினின் பொது நிர்வாக நடைமுறைச் சட்டமான 2015-ஆம் ஆண்டின் 39-ஆம் சட்டம், 16-ஆம் பிரிவில், எந்த அரசு அலுவலகத்துக்கான மனுவையும் வெளிநாட்டிலுள்ள ஸ்பெயின் தூதரகங்களிலும் துணைத் தூதரகங்களிலும் அளிக்கலாம் என்கிறது. ஆகவே கடிதத்தைத் தூதரகத்தில் கொடுப்பது சரி. ஆனால் அது தூதரகத்துக்கு எழுதப்படாமல், தூதரகத்தின் வழியாக மாகாண அலுவலகத்துக்கு எழுதப்பட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். வலென்சியாவில் ஒரு நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர், தந்தையின் அறுவை சிகிச்சைக்காக மதுரைக்கு வந்திருக்கிறார். அவருடைய அட்டை 2026 மார்ச் 20 அன்று காலாவதியாகிறது. 2025 மே 20 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிமுறையின்படி, புதுப்பிப்பு மனுவைக் காலாவதிக்கு முந்தைய இரண்டு மாதங்களிலோ பிந்தைய மூன்று மாதங்களிலோ அளிக்கலாம். இவருக்கு அது ஜனவரி 20-இல் தொடங்கி ஜூன் 20-இல் முடிகிறது. காலாவதிக்குப் பிந்தைய மூன்று மாதங்களைச் சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தாமதம் வெளிநாட்டவர் சட்டத்தில் சிறு குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு 500 யூரோ வரை அபராதம் விதிக்க இடமுண்டு. உரிய காலத்தில் அளித்த மனு, முடிவு வரும்வரை பழைய அனுமதியின் செல்லுபடியை நீட்டித்து வைக்கிறது என்பதால், ஜனவரி இறுதிக்குள் கொடுத்துவிடுவதே நல்லது.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் சொன்ன 39-ஆம் சட்டத்தின் 66-ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது: மனுதாரரின் பெயர், அறிவிப்புகள் வந்துசேர வேண்டிய இடம், நடந்தவை, காரணம், கோரிக்கை, ஊரும் தேதியும், கையொப்பம், எந்த அலுவலகத்துக்கு என்பது. ஸ்பானிய மனுக்களில் நடந்தவற்றைக் கூறும் பகுதி 'எக்ஸ்போனே' என்றும், கோரிக்கை 'சொலிசிட்டா' என்றும் பெரிய எழுத்தில் தொடங்கும். பணிவுரைகளும் நலம் விசாரிப்பும் அதற்குத் தேவையில்லை. நம் ஊர் மனுக்களுக்குப் பழகியவர்களுக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். வாசிக்கும் எழுத்தருக்கு அந்த வறட்சிதான் உதவி. மேலே சொன்னவருக்கான கடிதத்தின் நடுப்பகுதி இவ்வாறு அமையும்:

```
A LA OFICINA DE EXTRANJERÍA DE VALENCIA
EXPONE: Que es titular de una autorización de
residencia y trabajo por cuenta ajena, que caduca
el 20 de marzo de 2026.
SOLICITA: La renovación de dicha autorización.
SE ADJUNTA:
```

தாம் ஊதியத்துக்கு வேலை செய்வதற்கான வதிவிட அனுமதி பெற்றவர் என்பதையும், அது முடியும் நாளையும் முதலில் கூறி, அதைப் புதுப்பிக்குமாறு கோரி, கடைசி வரிக்குக் கீழே இணைப்புகளை எண்ணிட்டு எழுத வேண்டும். கடிதத்தின் தொடக்கத்தில் பெயருக்கு அடுத்து வெளிநாட்டவர் அடையாள எண் வர வேண்டும். அது ஓர் எழுத்து, ஏழு இலக்கங்கள், மீண்டும் ஓர் எழுத்து என்று அமைந்திருக்கும். தமிழர்களுக்குச் சிக்கல் வருவது பெயரில்தான். ஸ்பானியப் படிவங்கள் குடும்பப் பெயர் ஒன்றையோ இரண்டையோ எதிர்பார்க்கின்றன. நமக்கோ முதலெழுத்தும் ஒற்றைப் பெயரும்தான். தந்தை பெயர் எந்தக் கட்டத்தில் வர வேண்டும் என்று யோசிக்காமல், அட்டையில் அச்சாகியிருப்பது தவறாகவே தோன்றினாலும் அதை அப்படியே எழுதிவிட வேண்டும். பெயர் மாறினால் கோப்புடன் பொருந்தாமல் மனு தேங்கும்.

இணைப்புகளில் முதலாவது, நிரப்பிக் கையொப்பமிட்ட EX-03 என்ற மனுப் படிவம். கடிதம் அதற்கு மாற்றாகாது. அடுத்து கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், அட்டையின் இருபுற நகல், 790-052 என்ற படிவத்தின்படி கட்டணம் செலுத்திய சான்று, நடப்பில் உள்ள வேலை ஒப்பந்தம் ஆகியவை. சமூகக் காப்பீட்டுப் பதிவில் உள்ள பணிக்கால அறிக்கையை அலுவலகமே பார்த்துக்கொள்ள முடியும்; ஆயினும் அதையும் இணைப்பது வேலையைத் துரிதப்படுத்தும். பள்ளி வயதில் குழந்தை உடனிருந்தால் அது பள்ளியில் சேர்க்கப்பட்டிருப்பதைக் காட்டும் சான்றும் வேண்டும். இந்தியாவில் வழங்கப்பட்ட அரசு ஆவணம் எதையும் இணைக்க நேர்ந்தால், அது உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்றளிக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரையும், ஸ்பெயின் அங்கீகரித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் போன்ற ஸ்பெயின் ஆவணங்களுக்கு இவை எதுவும் தேவைப்படா. எனவே தேவையற்ற இந்தியக் காகிதங்களைச் சேர்த்து மனுவின் பருமனைக் கூட்டுவது வீண் செலவு.

அறிவிப்பு முகவரி சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் கைவிட்டுப் போகும் மனுக்கள் பல இங்கேதான் போகின்றன. வலென்சியாவில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் முகவரியைக் கொடுத்தால், அஞ்சல் ஊழியர் இரண்டு முறை வந்து பார்த்துத் திரும்பியபின் அறிவிப்பு அரசிதழில் வெளியாகி, சேர்ப்பிக்கப்பட்டதாகவே கருதப்படும். ஆவணம் ஏதேனும் விடுபட்டிருந்தால் அதைச் சரிசெய்யக் கிடைப்பது 10 வேலைநாட்கள் மட்டுமே. அந்த நாட்கள் கழிந்தால் மனுவைத் தாமே கைவிட்டதாக முடிவு செய்யப்படும். அங்கே கடிதம் வாங்கக்கூடிய நண்பரின் முகவரியையோ மின்னணு அறிவிப்பையோ தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

தூதரகத்தில் கொடுக்கும்போது ஒரு கூடுதல் நகலை எடுத்துச் சென்று, அதில் தேதியுடன் கூடிய பதிவு முத்திரையைக் கேட்டுப் பெற வேண்டும். காலக்கெடுவுக்குள் மனு அளிக்கப்பட்டது என்பதற்கு அந்த முத்திரைத் தேதியே சான்று. ஆனால் முடிவு சொல்ல மாகாண அலுவலகத்துக்கு உள்ள மூன்று மாதக் கெடு அன்று தொடங்குவதில்லை. காகிதம் வலென்சியா அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறிய மறுநாளிலிருந்துதான் அது எண்ணப்படுகிறது. அந்த மூன்று மாதத்துக்குள் பதில் வராவிட்டால், புதுப்பிப்பு மனுக்களைப் பொறுத்தவரை அனுமதி கிடைத்ததாகவே சட்டம் கொள்கிறது. இந்த நாள் கணக்கைத் தவறாகப் போட்டு முன்கூட்டியே கொண்டாடியவர்கள் உண்டு. மின்னணுச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இணையத்தின் வழியாகவோ வழக்குரைஞர் வழியாகவோ அனுப்பினால் இந்த இடைவெளியே இராது என்பதால், அந்த வசதி உள்ளவர்களுக்கு நான் தூதரக வழியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முத்திரையிட்ட நகல் பயண ஆவணமாகாது. காலாவதியான அட்டையையும் அந்த நகலையும் காட்டி விமானத்தில் ஏற முயன்றால், விமான நிறுவனம் ஏற்றாமல் திருப்பக்கூடும். ஸ்பெயினில் இருக்கும்போதே பயணத்துக்கு முன் திரும்பிவரும் அனுமதி பெற்றிருந்தால் கவலையில்லை. பெறாதவர் தூதரகத்தின் விசாப் பிரிவைத் தனியாக அணுக வேண்டும், அது வேறொரு மனு. அனுமதி கிடைத்த பிறகும் புதிய அட்டைக்கான விரல்ரேகை ஸ்பெயினில் காவல்துறை அலுவலகத்தில்தான் எடுக்கப்படும். அதற்கான EX-17 படிவத்தை முடிவு தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் அளிக்க வேண்டும்.